தெக்லினே

வேலை வாய்ப்பை மறுக்கும் பிரெஞ்சுக் கடிதங்களில் இந்த வினைச்சொல் அடிக்கடி வரும். 'விலகி' என்னும் பொருள் தரும் 'தே', 'சாய்த்தல்' என்னும் பொருள் தரும் 'க்லினாரே' ஆகிய இரு லத்தீன் கூறுகளிலிருந்து பிறந்தது. நேர்ப்பொருள் விலகிச் சாய்தல். சூரியன் சாய்வதற்கும், இலக்கணத்தில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்பதற்கும், காவலரிடம் தன் பெயர், முகவரியைச் சொல்வதற்கும் இதே சொல்தான்.

மறுப்பதற்கு 'ரெஃப்யூசே' என்றும் சொல் உண்டு. ஆனால் கடிதத்தில் அது முகத்தில் அடித்ததுபோல் ஒலிக்கும். 'தெக்லினே' மரியாதையாக ஒதுங்குவதைக் காட்டும்.

லியோன் நகர நிறுவனம் ஒன்று உங்களுக்கு வேலை தர முன்வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களோ வேறோர் இடத்தை ஏற்றுவிட்டீர்கள். முதலில் நன்றி சொல்லுங்கள். அடுத்து, 'வருத்தத்துடன் உங்கள் வாய்ப்பைத் தெக்லினே செய்கிறேன்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்து, காரணத்தைச் சுருக்கமாகத் தாருங்கள். அந்த வாக்கியத்தில் 'பூர் லேன்ஸ்தான்', அதாவது 'இப்போதைக்கு' என்று சேர்த்தால் குழப்பம் வரும்: சம்பளத்தைக் கூட்டினால் வருவார் என்று நிறுவனம் நினைக்கலாம்.

பிற்காலத் தொடர்புக்கான விருப்பத்தைத் தனி வாக்கியமாக இறுதியில் வையுங்கள். அதற்கான வழக்கு 'ரெஸ்தே ஆன் கோந்தாக்த்', தொடர்பில் இருத்தல். நேர்காணலில் பேசப்பட்ட ஒரு திட்டத்தைக் குறிப்பிட்டு, அதுபோன்ற பணி மீண்டும் வந்தால் பேச விரும்புவதாக எழுதினால், அது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றாது.