‘முழுமையாக ஏற்கவில்லை’ என்றால் என்ன அர்த்தம்?

ஆங்கில சர்வேயைத் தமிழாக்கும்போது கேள்வியைவிட ‘அக்ரீ, டிஸ்அக்ரீ’ விடைகள்தான் அதிகம் காலை வாரும். ‘வீட்டிலிருந்தால் வேலை சீக்கிரம் முடிகிறது’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஸ்ட்ராங்லி அக்ரீ’ என்பதற்கு ‘முழுமையாக ஏற்கிறேன்’ பொருந்தும். மறுமுனையில் ‘முழுமையாக ஏற்கவில்லை’ என்று போட்டால்? ‘பாதி ஏற்கிறேன், மீதியில் சந்தேகம்’ என்றும் படிக்கலாம். கடைசியில் இருக்க வேண்டிய விடை நடுவுக்கு வந்துவிடும். திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்தாலும் இது சிக்காமல் போகலாம். அந்த விடை வரிசையைப் பார்த்துப் பழகியவர் மூலத்தை ஊகித்தே எழுதிவிடுவார்.

‘கடுமையாக மறுக்கிறேன்’ தெளிவுதான். ஆனா சண்டைக்குப் போற மாதிரி இருக்கு. சாதுவானவர்கள் அதைத் தொடத் தயங்குவார்கள், விடைகள் சம்மதம் பக்கம் சாயும். ‘கொஞ்சமும் ஏற்கவில்லை’ பரவாயில்லை.

போன் சர்வே என்றால் இரண்டு படியாகக் கேட்பது நல்லது. முதலில், ‘இதை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா, இரண்டும் இல்லையா?’ பக்கம் முடிவான பிறகு, ‘உறுதியாகவா, ஓரளவுக்கா?’ இப்போது குழப்பத்துக்கு இடமில்லை.

அச்சிட்ட படிவம் என்றால், ஐந்து விடைகளையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கலைத்து, ஐந்தாறு பேரிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். எந்தச் சீட்டு ஆளுக்கு ஆள் இடம் மாறுகிறதோ, அதைத்தான் மாற்றி எழுத வேண்டும்.