‘தேடுற மாதிரி பண்ணிக் கொடுங்க’: ஸ்கேன் பி.டி.எஃப்-ல் ஓ.சி.ஆர் எதை மீட்கும், எதை மீட்காது?

பழைய கிரயப் பத்திரத்தை ஸ்கேன் செய்து 40 பக்க பி.டி.எஃப்-ஆக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கூடவே ஒரு வரி: “சர்வே நம்பரைத் தேடுற மாதிரி பண்ணிக் கொடுங்க.” திறந்தால் எழுத்து தெரிகிறது, தேடினால் ஒன்றும் வருவதில்லை. காரணம், உள்ளே இருப்பது எழுத்து இல்லை, 40 போட்டோக்கள். ஒரு வார்த்தையை விரலால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அது தனியாகத் தேர்வாகவில்லை என்றால் அந்தப் பக்கம் வெறும் படம்தான்.

இதற்கான வழி ஓ.சி.ஆர். படத்தில் உள்ள வடிவங்களைப் பார்த்து, அவை என்ன எழுத்து என்று மென்பொருள் ஊகிக்கும். அந்த எழுத்தைக் கண்ணுக்குத் தெரியாத அடுக்காக அதே பக்கத்தில் வைக்கும். கம்ப்யூட்டரில் இலவசமாகச் செய்ய இந்த ஒரு வரி போதும்:

```
ocrmypdf -l tam+eng --deskew --sidecar out.txt scan.pdf out.pdf
```

`tam+eng` என்பது தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்வது. `--deskew` சாய்ந்த பக்கத்தை நேராக்கும்.

சிக்கல் இங்கேதான். பக்கம் பார்க்க முன்பு போலவே இருக்கும் என்பதால், அடியில் உள்ள எழுத்து தப்பாக இருந்தாலும் தெரியாது. தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. 10 பாயின்ட் எழுத்தின் உயரம் 300 டி.பி.ஐ ஸ்கேனில் சுமார் 40 பிக்சல். 100 டி.பி.ஐ-ல் வெறும் 14. அதில் புள்ளிக்கு ஒன்றிரண்டு பிக்சல்தான் மிஞ்சும். ‘பட்டா’ என்பது ‘படடா’ ஆகிவிடும், தேடினால் வராது. மங்கலான படத்தைப் பெரிதாக்கினாலும் பதிவாகாத புள்ளி திரும்பி வராது. முடிந்தால் மூலத்தாளை 300 டி.பி.ஐ-ல் மறுபடி ஸ்கேன் செய்வதுதான் வழி.

எண்கள் இன்னும் ஆபத்து. வார்த்தையில் ஓர் எழுத்து மங்கினால், சுற்றியுள்ள எழுத்துகளை வைத்து மென்பொருள் சரியாக ஊகிக்க வாய்ப்புண்டு. 183 என்ற சர்வே நம்பரை 188 என்று படித்தால், அது தப்பு என்று சொல்ல அதற்கு எந்தத் துப்பும் இல்லை.

கையால் எழுதிய வரிகள், முத்திரை மேலே விழுந்த எழுத்துகள் ஆகியவற்றை இந்த மாதிரிக் கருவி பெரும்பாலும் குப்பையாகவே தரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘ணை’, ‘லை’, ‘றா’ வடிவங்களிலும் தடுமாறும். (அந்தக் கொம்பு போட்ட ‘லை’யை இன்றைய பிள்ளைகளுக்கே படிக்க வராது!)

அதனால் ‘இல்லை’ என்று தேடல் சொன்னால், பத்திரத்தில் அந்த நம்பர் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் `out.txt` ஃபைலைத் திறந்து, இரண்டு பக்கங்களை மூலத்தோடு ஒப்பிடுங்கள். புள்ளி நிறைய விழுந்திருந்தால் அந்தத் தேடலை நம்ப முடியாது. ஊர்ப் பெயர், எல்லைக்காரர் பெயர் என்று வேறு சொற்களிலும் தேடுங்கள். சொத்து விவரப் பக்கத்தை மட்டும் கண்ணால் வரி வரியாகப் படித்துவிடுங்கள்.