பாதியில் நின்ற ஒயின்

கறுப்புச் சாக்லேட்டுக்குச் சிவப்பு ஒயின்தான் பொருத்தம் என்று கேட்டு, இனிப்பே இல்லாத ஒயினோடு தின்று பார்த்தவருக்கு நாக்கு வறண்டு போயிருக்கும். திராட்சைத் தோலின் துவர்ப்பும் கோகோவின் துவர்ப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. சாக்லேட்டில் உள்ள சர்க்கரை வேறு ஒயினைப் புளிப்பாகக் காட்டிவிடும். தின்பண்டத்தைவிட ஒயின் இனிப்பு குறைந்திருந்தால் இந்தத் தொல்லை தப்பாது.

இதற்கான விடை சாக்லேட் வருவதற்கு வெகுகாலம் முன்பே பிறந்துவிட்டது. பிரான்சும் ஸ்பெயினும் சந்திக்கும் மத்தியதரைக் கடற்கரையில் பன்யுல்ஸ் என்ற ஊர். கற்பலகைப் பாறைச் சரிவுகளில் படிப்படியாகத் தோட்டம் கட்டி, கிரனாஷ் திராட்சை வளர்க்கிறார்கள். நொதிக்கும் சாற்றில் சாராயத்தை ஊற்றி ஈஸ்டை அடக்கும் வித்தையை, 13-ஆம் நூற்றாண்டு மருத்துவர் அர்னாவ் டி விலநோவாவின் பெயரில் அங்கே சொல்வார்கள். கதை எப்படியோ, வேதியியல் எளிது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுவாக்கிக்கொண்டிருக்கும்போதே, சாற்றின் அளவில் 5 முதல் 10 சதவீதம் வரை, மணமற்ற வீரியமான சாராயம் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் மடிகிறது, மிச்சச் சர்க்கரை ஒயினிலேயே தங்கிவிடுகிறது. போர்ட் ஒயினும் இதே வழியில் வந்ததுதான், அதற்குச் சாராயம் இன்னும் அதிகம்.

பன்யுல்ஸில் பெரும்பாலும் திராட்சைத் தோலும் தொட்டியில் இருக்கும்போதே சாராயம் ஊற்றுவார்கள். அதனால் நிறமும் துவர்ப்பும் கூடுதலாக இறங்கும். பிறகு பீப்பாயிலோ, வெயிலில் வைத்த பெரிய கண்ணாடிக் குடுவைகளிலோ காற்றுப்பட முதிர வைப்பார்கள். கிராண்ட் க்ரூ என்ற உயர்ரகத்துக்கு மரத்தில் 30 மாதமாவது கட்டாயம். அந்தக் காலத்தில்தான் பழவாசம் அடங்கி, உலர்பழம், காப்பி, வால்நட் வாசம் ஏறுகிறது. கோகோவிலும் கொட்டைகளிலும் வறுக்கும்போது எழுவதும் இதே குடும்பத்து மணம்தான். அதனால்தான் இந்த ஒயினோடு வால்நட்டும் வறுத்த பாதாமும் ஒட்டிக்கொள்கின்றன.

1936-இல் பன்யுல்ஸ் ஒயினின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் அந்த ஒயினுக்கு ஈடான சாக்லேட் பரவலாகக் கிடைக்க இன்னும் காலம் பிடித்தது. வால்ரோனா நிறுவனம் 70 சதவீதக் கோகோ கொண்ட குவானாஜாவை 1986-இல்தான் கொண்டுவந்தது. இந்த ஜோடிக்கு வலுவான மறுபாதி கிடைத்தது அப்போதுதான் என்பது என் கணிப்பு.

சோதித்துப் பார்க்க, 70 சதவீதத் துண்டொன்றைக் கடிக்காமல் நாக்கில் உருக விட்டு, பிறகு சற்றே குளிர்ந்த ஒயினை ஒரு வாய் குடிக்க வேண்டும். கோகோ வெண்ணெய் கழுவப்பட்டு, ஒயினின் இனிப்பு முன்புபோலவே நின்றால் பொருத்தம். ஒயின் மெலிந்து தண்ணீராகத் தெரிந்தால் பண்டம் அதைவிட இனிப்பு. கேரமல் மிட்டாய்களில் இதுதான் நடக்கும். அங்கே மூத்த ரம் சமாளிக்கும். ஆனால் 40 சதவீத மதுவின் எரிச்சல் கோகோவின் மெல்லிய மணங்களை மறைத்துவிடும் என்பதால் சிறு மடக்குக்கு மேல் வேண்டாம்.