ஆற்றில் போட்டாலும் ஏன் அளந்து போடணும்?

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு'. வீட்டில் யாராவது கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்தால் உடனே இந்தப் பழமொழியை எடுத்து வீசிவிடுகிறோம். 'சிக்கனமா இரு' என்பதுதான் இதற்கு அர்த்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இது சிக்கனத்தைப் பற்றிய பழமொழியே இல்லை. எப்படி என்று பார்ப்போமா?

ஒரு கதையில் இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'திருவிழாவின் இரண்டாம் நாளும் அன்னதானப் பந்தியில் சாதம் மிஞ்சிவிட்டது. "மாட்டுக்குத்தானே போகுது, அப்படியே கவுத்து விடு" என்றான் மாணிக்கம். அண்டாவைப் பிடித்து நிறுத்தினார் பெரியம்மா. "ஆத்துல போட்டாலும் அளந்து போடுடா. இன்னைக்கு எவ்வளவு மிஞ்சிச்சுன்னு தெரிஞ்சாத்தானே, நாளைக்கு எத்தனை படி அரிசி போடணும்னு தெரியும்?"'

பெரியம்மா சாதத்தைக் கொட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. கொட்டத்தான் போகிறார்கள். எவ்வளவு கொட்டுகிறோம் என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான். காரணத்தையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறார். பத்தியில் பழமொழி வந்தால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படித்தாலே பாதிப் பொருள் கிடைத்துவிடும்.

மீதிப் பாதி 'போட்டாலும்' என்ற சொல்லில் இருக்கிறது. கடைசியில் உள்ள அந்த 'உம்'தான் முக்கியம். ஆற்றில் போட்ட பொருள் திரும்பி வராது. ஆறு கணக்கும் கேட்காது. அப்படிப்பட்ட இடத்தில்கூட அளக்கணும் என்றால், மற்ற இடங்களில் கேட்கவே வேண்டாம். களத்துமேட்டில் படியும் மரக்காலுமாக நெல்லை எண்ணி எண்ணி அளந்தவர்களின் பேச்சு இது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நடுவில் ஒரு மரக்கால் எண்ணிக்கை தப்பினாலும் கடைசியில் சண்டைதான்.

ஆக, இந்தப் பழமொழி பொருந்த இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, கொடுத்தது திரும்பாது, யாரும் கணக்குக் கேட்கப்போவதும் இல்லை என்ற நிலை. இரண்டு, அப்படியும் கணக்கு இருந்தால்தான் நல்லது என்பதற்கு ஒரு காரணம்.

இப்போது மூன்று சூழல்களைப் பொருத்திப் பார்க்கலாம். மாதம் பதினைந்தாயிரம் சம்பளம் வாங்கும் பையன் எண்பதாயிரத்துக்கு போன் வாங்குகிறான். இங்கே பிரச்னை கணக்கு இல்லை, சக்திக்கு மீறிய செலவு. 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பதுதான் சரி. அடுத்து, ருசியாக இருக்கிறதென்று ஒரே மூச்சில் பத்து அதிரசம் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார் ஒருவர். அவருக்கு 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு'. இரண்டிலும் 'அளவு' வருகிறது. ஆனால் அது வரம்பு. நம் பழமொழியில் வருவது கணக்கு.

மூன்றாவது, ஒரு காதுகுத்து. தாய்மாமன் 50,000 ரூபாயைத் தங்கை கணவரிடம் கொடுத்து, 'நீங்களே பார்த்துச் செய்ங்க மாப்ளே, கணக்கெல்லாம் வேணாம்' என்கிறார். பந்தலுக்கு 12,000, சமையல்காரருக்கு 18,000, மளிகை, காய்கறிக்கு 13,500. இது மட்டும் நினைவில் இருக்கிறது, கூட்டினால் 43,500. மீதி 6,500 ரூபாய் பூ, ஆட்டோ, பால், வெற்றிலைபாக்கு என்று போயிருக்கும். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து வேறொரு பேச்சில், 'அன்னைக்கே மிச்சப் பணத்தைப் பத்தி நாங்க வாயே திறக்கல' என்று மாமன் வீட்டில் ஒரு வார்த்தை விழுகிறது. ஒரு பைசா எடுக்காத மனிதர் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார். தங்கை அண்ணன் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறாள்.

பழமொழி கச்சிதமாகப் பொருந்துவது இங்கேதான். மாமன் கொடுத்த பணம் திரும்பி வராது, கணக்கும் வேண்டாம் என்றாயிற்று. ஆனாலும் அன்றே ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி எழுதி, 'சும்மா பாத்துக்கோங்க மச்சான்' என்று நீட்டியிருந்தால் அந்த வார்த்தைக்கே இடமிருந்திருக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தப் பழமொழியைக் கொடுப்பவரிடமோ செலவு செய்பவரிடமோ தனியாகச் சொல்லுங்கள். வாங்குபவர் காதுபடச் சொன்னால், 'உனக்குக் கொடுப்பது ஆற்றில் போடுவது மாதிரி' என்று குத்திக்காட்டியதாகிவிடும். வார்த்தையையும் அளந்துதானே போடணும்!