நான் அழிந்தபின் எஞ்சுவது யார்?
அத்வைதத்தில் ஜீவன், கூடஸ்தன், சுத்த சைதன்யம் என்னும் மூன்றின் வேறுபாடு

தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளிக்கு அண்மையில் அதியமான்கோட்டை என்னும் பழைய ஊர் உள்ளது. அங்கே எழுந்தருளியிருக்கும் சென்றாயப் பெருமாள் கோயிலின் மண்டப விதானத்தில் இதிகாசக் காட்சிகள் வண்ணத்தில் தீட்டப்பெற்றுள்ளன. அண்ணாந்து நோக்குவோர்க்கு அரசரும் வானரரும் முனிவரும் தத்தம் ஆடையோடும் அணியோடும் தோன்றுகின்றனர். சுதை பூசிய ஒரே பரப்பின்மீதுதான் இத்தனை பேரும் நிற்கின்றனர். அவர்கள் உடுத்த ஆடையும் வண்ணமே, உடுத்தியவர்களும் வண்ணமே.

இத்தகைய ஓவியத்தையே உவமையாகக் கொண்டு அத்வைத நூலொன்று தன் பிரகரணத்தைத் தொடங்குகிறது. பதினான்காம் நூற்றாண்டில் வித்யாரண்யர் இயற்றியதாக வழங்கும் பஞ்சதசியின் ஆறாம் பிரகரணமாகிய சித்ரதீபமே அது. அதில் கூறப்படுவது சுவரன்று, துணி. வெளுத்த துணி, கஞ்சியிட்டு இழைத்த துணி, கோடு வரைந்த துணி, வண்ணம் தீட்டிய துணி என நான்கு நிலைகள் சொல்லப்படுகின்றன. இவை முறையே சித், அந்தர்யாமி, சூத்ராத்மா, விராட் என்னும் நான்குக்கும் ஒப்பாகும். துணியில் எழுதப்பட்ட மனிதர்க்குத் துணி போன்ற ஆடையும் எழுதப்படுகிறது. அவ்வாடை உண்மைத் துணியன்று. ஆயினும் தன்னைத் தாங்கும் துணியைப் போலத் தோற்றமளிக்கிறது. அவ்வாறே சைதன்யத்தின்மேல் கற்பிக்கப்பட்ட உடல்களில் சைதன்யம் போன்ற ஒரு சாயல் தோன்றுகிறது. அதற்குச் சிதாபாசம் என்று பெயர். அதுவே ஜீவன் எனப்பட்டுச் சம்சாரத்தில் உழல்கிறது என்பது வித்யாரண்யரின் கருத்து.

அத்வைதத்தை ஆராயப் புகுவோர் பலர் இடறும் இடம் இதுவே. ஜீவன், ஆத்மா, சுத்த சைதன்யம் என்னும் மூன்றும் ஒன்றே என்பது அந்த மதத்தின் முடிவு. முடிவு அதுவாயினும், அதனை அடையும் வழியில் மூன்று சொற்களும் மூன்று பொருளில் வழங்குகின்றன. இவற்றைப் பிரித்தறியாமல் மறுப்பவர் அம்மதத்தார் கொள்ளாத ஒன்றை மறுத்தவராவர். பிரித்தறியாமல் ஏற்பவரோ தாம் ஏற்றது யாது என்பதையே அறியாதவராவர்.

வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டுவது சித்ரதீபத்தின் மற்றோர் உவமை. எங்கும் பரந்த வானம் மகாகாசம். குடத்தால் எல்லைப்பட்டது போலத் தோன்றும் அதே வானம் கடாகாசம். அக்குடத்தில் நீர் நிரம்பியிருக்க, அந்நீரில் மேகத்தோடும் விண்மீனோடும் எதிரொளிக்கும் வானம் ஜலாகாசம். மேகத்தில் உள்ள நுண்ணிய நீரில் எதிரொளிப்பதாக ஊகித்தறியப்படும் வானம் மேகாகாசம். மகாகாசத்தின் இடத்தில் பிரம்மமாகிய சுத்த சைதன்யமும், கடாகாசத்தின் இடத்தில் கூடஸ்தனும், ஜலாகாசத்தின் இடத்தில் ஜீவனும், மேகாகாசத்தின் இடத்தில் ஈசுவரனும் வைக்கப்படுகின்றனர்.

கூடம் என்பது கொல்லனின் பட்டடைக்கல். அதன்மேல் எத்தனை இரும்பு அடிக்கப்பட்டு உருமாறினும் அது மாறுவதில்லை. உடலுக்கும் மனத்துக்கும் ஆதாரமாய், அவற்றின் மாறுதலைத் தான் அடையாமல் நிற்கும் உள்ளாத்மா ஆதலின் கூடஸ்தன் என்று பெயர் பெற்றது. கடாகாசத்துக்கும் மகாகாசத்துக்கும் இடையில் உண்மையில் பிரிவில்லை. குடத்தின் ஓடு மட்டுமே பிரித்துக் காட்டுகிறது. எனவே கூடஸ்தனுக்கும் பிரம்மத்துக்கும் உள்ள வேற்றுமை பெயரளவில் நிற்பது. ஜலாகாசத்தின் நிலை அத்தகையதன்று. அதற்கு நீர் வேண்டும். நீர் அசைந்தால் அது அசையும். நீர் வற்றினால் அது இல்லையாகும். மேலும் நீரில் தோன்றும் வானம் குடத்துள் இருக்கும் வானத்தை முழுவதும் மறைத்துவிடுகிறது. அவ்வாறே ஜீவன் கூடஸ்தனை மறைக்கிறான். இந்த மறைப்பே அந்யோந்யாத்யாசம் எனப்படுகிறது.

நான்காம் பிரகரணமாகிய த்வைதவிவேகம் ஜீவனின் இலக்கணத்தை இன்னும் கூர்மையாக வரையறுக்கிறது. ஆதாரமாகிய சைதன்யம், அதன்மேல் கற்பிக்கப்பட்ட சூக்கும சரீரம், அச்சரீரத்தில் விழும் சைதன்யத்தின் சாயல் ஆகிய மூன்றின் கூட்டமே ஜீவன் என்பது அது. இக்கூட்டத்தில் முதலாவது மட்டுமே மெய். ஏனைய இரண்டும் ஞானத்தால் நீங்குவன. உலகத்தார் ‘நான்’ என்று சொல்லும்போது இம்மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்தே சொல்கின்றனர். சங்கரர் தம் பிரம்மசூத்ர பாஷ்யத்தின் தொடக்கத்தில் அத்யாசம் என்று விரித்துரைத்த கலப்பும் இதுவே.

எல்லா அத்வைதிகளும் ஜீவனை ஒரே வகையில் விளக்கினாரல்லர். வாசஸ்பதி மிச்ரரின் பாமதியை ஒட்டியவர்கள் கடாகாச உவமையையே ஜீவனுக்குக் கொண்டு, அவித்தையால் எல்லைப்பட்ட சைதன்யமே ஜீவன் என்றனர். பிரகாசாத்மரின் விவரணத்தை ஒட்டியவர்கள் ஜீவன் பிரதிபிம்பம் என்றனர். ஆயினும் பிரதிபிம்பம் பிம்பத்தின் வேறன்று, கண்ணாடியில் காணும் முகம் கழுத்தின்மேல் உள்ள முகமேயாம் என்று விளக்கினர். அவர்கள் மதத்தில் பொய்யாவது பிரதிபிம்பமாயிருக்கும் தன்மை மட்டுமே. சுரேசுவரர் வழியில் வந்த ஆபாச வாதமோ அந்தச் சாயலையே பொய் என்கிறது. பஞ்சதசியின் சிதாபாசம் இக்கடைசிக் கருத்தைச் சார்ந்தது. பாமதியின்படி குடம் உடைந்தால் வானத்துக்கு இழப்பில்லை. விவரணத்தின்படி கண்ணாடி அகன்றால் முகத்துக்கு இழப்பில்லை. ஆபாச வாதத்தின்படியோ நீர் வற்றும்போது நீரில் இருந்த வானம் உண்மையாகவே போய்விடுகிறது. அங்கேதான் வினா கூர்மையடைகிறது: மோட்சத்துக்கு முயல்பவன் ஜீவன், மோட்சத்தில் அந்த ஜீவனே இல்லையெனில், அதனைப் பெறுபவன் யார்?

வித்யாரண்யருக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு முன்னரே இவ்வினாவை ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாசாதிகரணத்தில் எம்பெருமானார் எழுப்பியுள்ளார். அவர் காட்டும் நியாயம் எளியது. துன்பமெல்லாம் நீங்கி இன்புற்றிருக்க வேண்டும் என்னும் விருப்பத்தாலேயே ஒருவன் மோட்ச சாஸ்திரத்தை நாடுகிறான். ‘நீ அழிந்துபோவாய்; நின்னின் வேறான ஓர் அறிவு மட்டும் எஞ்சும்’ என்று அவனுக்குச் சொன்னால், அவன் மோட்சப் பேச்சு நிகழும் இடத்தைவிட்டே அகன்றுபோவான். தான் அழிந்தபின் எஞ்சும் வேறொன்றுக்காக முயல்பவன் ஒருவனும் இல்லை.

இதற்கு அடிப்படையாக அவர் இரண்டு சொற்களைப் பிரிக்கிறார். அஹம் என்பது வேறு, அகங்காரம் என்பது வேறு. அஹம் என்பது தனக்குத்தானே தோன்றும் ஆத்மாவின் சொரூபம். அகங்காரம் என்பதோ பிரகிருதியின் பரிணாமம்; நான் அல்லாத உடலை நான் ஆக்குவதால் அது அப்பெயர் பெற்றது. முன் அப்படி இல்லாதது அப்படி ஆதல் என்னும் பொருளில் வரும் ச்வி பிரத்தியயத்தைக் கொண்டு இச்சொல்லின் வியுத்பத்தியை அவர் காட்டியருளுகிறார். நீக்கத்தக்கது அகங்காரமே, அஹம் நீங்குமாறில்லை. அறிவும் ஆத்மாவும் ஒன்றென்னாமல், அறிவை ஆத்மாவின் தர்மமாகவும் கொள்வதால், அறிபவன் இல்லாத வெறும் அறிவு என்பதற்கு அவர் மதத்தில் இடமில்லை.

இரு மதத்தாரும் இக்கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் களம் உறக்கம். ஆழ்ந்து உறங்கி எழுந்தவன், சுகமாக உறங்கினேன் என்கிறான். ஒன்றும் அறியவில்லை, என்னையும் நான் அறியவில்லை என்றும் சொல்கிறான். உறக்கத்தில் அகங்காரம் ஒடுங்கிவிட்டது, சாட்சியாகிய சைதன்யம் மட்டும் நின்றது, ஆதலின் ‘நான்’ என்பது ஆத்மா அன்று என்பது அத்வைதி காணும் முடிவு. எம்பெருமானாரோ அதே வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கிறார். ‘என்னையும்’ என்ற சொல் குறிப்பது விழிப்பில் குலம் முதலியவற்றோடு கூடி அறியப்பட்ட தன்னை. ‘நான்’ என்ற சொல் குறிப்பது உறக்கத்திலும் தெளிவின்றித் தனக்குத் தோன்றிக்கொண்டிருந்த ஆத்மாவை. அறியப்படாதது முன்னது, அறியாதிருந்தது பின்னது. அறியாதிருந்ததும் நானே என்று சொல்லும்போதே அந்த நான் அங்கே இருந்தது வெளிப்படுகிறது.

அத்வைத ஆசிரியர்கள் இவ்வினாவைக் கண்டு ஒதுங்கினாரல்லர் என்பதையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். பஞ்சதசியின் ஏழாம் பிரகரணமாகிய த்ருப்திதீபம், ஆத்மாவை ‘இதுவே நான்’ என்று அறிந்தவன் எதை விரும்பி உடலோடு வருந்துவான் என வினவும் பிருஹதாரண்யக மந்திரம் ஒன்றை விரித்துரைக்க எழுந்தது. அங்கே ‘நான்’ என்று அறிபவன் யார் என்பதே கேள்வி. கூடஸ்தன் அறிபவனாதல் இயலாது. அவனுக்கு மாறுதல் இல்லை. ஆகவே அறிபவன் சிதாபாசத்தோடு கூடிய ஜீவனே. ஆற்றைக் கடந்த பத்துப் பேர், தன்னை விட்டு எண்ணி ஒன்பதே கண்டு, பத்தாமவன் மடிந்தான் என அழுத கதை அதற்கு எடுத்துக்காட்டாகிறது. அறியாமை, மறைப்பு, அழுகை, ‘பத்தாமவன் உளன்’ என்று பிறர் சொல்லக் கேட்டல், ‘நானே பத்தாமவன்’ என நேரே காணல், சோகம் நீங்கல், நிறைவு என்னும் ஏழு நிலைகளும் சிதாபாசத்துக்கு உரியனவேயன்றிக் கூடஸ்தனுக்கு உரியன அல்ல என்று அவர் தெளிவாக்குகிறார்.

அவ்வாறாயின் அந்தச் சிதாபாசம் தன் அழிவைத் தானே விரும்புமோ? இக்கேள்வியை வித்யாரண்யர் தாமே எழுப்பிக்கொண்டு விடை கூறுகிறார். தேவத்தன்மையை வேண்டுவோர் தீயில் புகுகின்றனர். அதுபோலச் சாட்சியாய் எஞ்சுதற்பொருட்டு அவன் தன் நாசத்தை விரும்புகிறான் என்பது அவர் தரும் விடை.

இவ்விடையின் வலிமையும் அதன் எல்லையும் அந்த உவமையிலேயே தங்கியுள்ளன. தீயில் புகுபவன் உடலை இழக்கிறான்; ஆயின் தேவனாகித் திரும்ப எழுபவன் தானே என்னும் நம்பிக்கையினால்தான் அவன் புகுகிறான். விட்டவனும் பெற்றவனும் ஒருவனாக இருப்பதால் உவமை பொருந்துகிறது. சிதாபாசம் முற்றும் பொய்யாயின் அத்தொடர்ச்சி எங்கே என்பது எம்பெருமானார் வழியினர் கேட்கத்தக்க வினா. சிதாபாசத்துக்கு ஆதாரமாகிய கூடஸ்தனும் ஜீவன் என்ற கூட்டத்தில் முதலிலிருந்தே சேர்ந்துள்ளான், எஞ்சுபவன் அவனே என்று அத்வைதி மறுமொழி கூறலாம். அவ்வாறு கூறுங்கால், எஞ்சும் அந்தக் கூடஸ்தன் ‘நான் எஞ்சினேன்’ என்று தன்னை உணர்வானோ மாட்டானோ என்று அடுத்த வினா பிறக்கும். உணர்வான் எனின் அஹம் என்பது முத்தியிலும் நிலைத்தது. எம்பெருமானாரின் கொள்கை அங்கே நுழைந்துவிடும். உணரான் எனின், முயன்றவனுக்கும் பேற்றுக்கும் தொடர்பு அற்றுவிடும். இரு மரபுகளும் பிரியும் இடம் இந்த நூலிழையளவு இடமேயாகும்.

ஆகவே ஓர் அத்வைத நூலில் ‘ஜீவன் பொய்’ என்று காணும் இடத்து, அங்கே பேசப்படுவது எல்லைப்பட்ட சைதன்யமா, பிரதிபிம்பமா, ஆபாசமா என்பதை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். ‘ஆத்மா’ என்று காணும் இடத்து அது கூடஸ்தனைச் சுட்டுகிறதா, நான் என்னும் கூட்டத்தைச் சுட்டுகிறதா என்பதை நோக்க வேண்டும். அதன் பின்னரே ஸ்ரீபாஷ்யத்தின் வினா எவ்விடத்தில் தைக்கிறது என்பது விளங்கும்.

அதியமான்கோட்டை விதானத்து ஓவியங்களிலும் இவ்விரு பார்வைகளும் அடங்கும். வண்ணம் உதிர்ந்தால் சுதை எஞ்சும் என்பது ஒரு பார்வை. உதிரும் வண்ணம் உருவமேயன்றி, கைகூப்பித் தொழுது நிற்கும் ‘நான்’ அன்று என்பது மற்றொரு பார்வை. ஆழ்வார்கள் ஆத்மாவைச் சுட்ட ‘அடியேன்’ என்ற சொல்லையே வழங்கினர். ஒருவனுக்கு அடிமைப்பட்டவன் எனத் தன்னை அறியும் நான் என்றும் அழியாதது என்பதே அச்சொல்லில் உரையாசிரியர்கள் கண்ட பொருள்.