'விசா ஸ்பான்சர் பண்றோம்'னா செலவையும் கம்பெனி ஏத்துக்குமா? பிரிட்டன் வேலைக்கு கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

பிரிட்டனில் இருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. அதில் 'விசா ஸ்பான்சர்ஷிப் வழங்கப்படும்' என்று ஒரு வரியும் இருக்கிறது. அப்போ விசா செலவு, டிக்கெட், தங்கும் இடம் எல்லாம் கம்பெனி பொறுப்புதானே என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்கு சட்டப்படி அவ்வளவு பெரிய அர்த்தம் கிடையாது. ஸ்பான்சர் செய்வது வேறு, செலவை ஏற்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

பிரிட்டனின் 'ஸ்கில்டு வொர்க்கர்' விசாவை வைத்து இதை விளக்கமாகப் பார்க்கலாம்.

ஸ்பான்சர்ஷிப் என்றால் என்ன?

வெளிநாட்டு ஊழியரை எடுக்க பிரிட்டன் நிறுவனத்திடம் அந்நாட்டு உள்துறை தரும் ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டும். உரிமம் உள்ள நிறுவனம் உங்கள் பெயரில் 'சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்' போடும். சுருக்கமாக சி.ஓ.எஸ். சர்டிபிகேட் என்றாலும் இது கையில் தரும் காகிதம் இல்லை. உள்துறையின் கணினியில் பதிவாகும் ஒரு விவரம், அவ்வளவுதான். உங்களுக்குக் கிடைப்பது அதன் எண். அந்த எண்ணை வைத்து 3 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த எண்ணைக் கொடுத்துவிட்டாலே நிறுவனம் உங்களை ஸ்பான்சர் செய்துவிட்டது என்றுதான் அர்த்தம். விசா கட்டணத்தை யார் கட்டுவது என்ற பேச்சே இதில் வராது.

முதலில் நாமே பார்க்க வேண்டியது

ஹெச்.ஆருக்கு மெயில் போடும் முன் gov.uk தளத்தில் உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலைத் தேடிப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்பெனி பெயர், ஊர், எந்த வகை விசாவுக்கு உரிமம், 'ஏ' ரேட்டிங்கா 'பி' ரேட்டிங்கா என்பதெல்லாம் அதில் இருக்கும். 'பி' ரேட்டிங்கில் இருக்கும் நிறுவனம் குறைகளைச் சரிசெய்து 'ஏ'வுக்கு வரும்வரை புதிதாக சி.ஓ.எஸ். தர முடியாது. உரிமம் தற்காலிகப் பணியாளர்களுக்கு மட்டும் இருந்தால், அதை வைத்து ஸ்கில்டு வொர்க்கர் விசா கிடைக்காது.

பட்டியலில் பெயர் இல்லை என்றால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். விளம்பரத்தில் ஒரு பெயரும், பதிவில் வேறு பெயரும் இருக்கலாம். 'உங்கள் ஸ்பான்சர் உரிமம் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது?' என்று நேராகக் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் ஆஃபரை நம்பி அடுத்த அடி வைக்காதீர்கள்.

சம்பளத்தையும் பாருங்கள். 2025 ஜூலை 22 முதல் இந்த விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்டு. உங்கள் தொழிலுக்கென்று நிர்ணயித்த தொகை இதைவிட அதிகம் என்றால் அதுதான் கணக்கு. சாப்ட்வேர் டெவலப்பர்களுக்கு அது 50 ஆயிரம் பவுண்டைத் தாண்டும். 26 வயதுக்கு உட்பட்டவர்கள் உள்ளிட்ட சிலருக்குத் தளர்வு உண்டு. இடமாற்ற உதவித் தொகையை சம்பளத்தோடு கூட்டி இந்த வரம்பைக் காட்ட முடியாது. உறுதியான அடிப்படைச் சம்பளம் மட்டுமே கணக்கில் வரும்.

எந்தச் செலவு யார் தலையில்?

சில செலவுகளை நிறுவனம்தான் கட்டியாக வேண்டும். வெளிநாட்டு ஊழியரை எடுப்பதற்காக அரசு வாங்கும் 'இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ்' அதில் ஒன்று. அதை ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வருபவரிடம் ஸ்பான்சர் உரிமக் கட்டணத்தையும், சி.ஓ.எஸ். கட்டணத்தையும் கேட்பதற்கு 2024 டிசம்பர் 31 முதல் தடை இருக்கிறது. ஆகவே 'சி.ஓ.எஸ். போட இத்தனை லட்சம்' என்று யார் கேட்டாலும் அது விதிக்குப் புறம்பானது.

மீதி இரண்டும் பேசி முடிவு செய்ய வேண்டியவை. ஒன்று விசா விண்ணப்பக் கட்டணம். இன்னொன்று 'ஐ.ஹெச்.எஸ்.' எனப்படும் சுகாதாரக் கட்டணம். இவை ஊழியரின் பொறுப்பு. நிறுவனம் விரும்பினால் கட்டலாம், கட்டாயமில்லை. பட்ஜெட்டில் துண்டு விழுவது பெரும்பாலும் ஐ.ஹெச்.எஸ்.ஸில்தான். ஒரு வருஷத்துக்குக் கட்டினால் போதாது, விசா காலம் முழுவதற்கும் விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 776 பவுண்டு.

நர்ஸ், டாக்டர் போன்றவர்கள் 'ஹெல்த் அண்ட் கேர்' விசாவில் போனால் ஐ.ஹெச்.எஸ். கிடையாது, விசா கட்டணமும் குறைவு. ஆனால் முதியோர் பராமரிப்புக்கான கேர் வொர்க்கர் வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22-உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது அந்த வேலைக்கு 'சி.ஓ.எஸ். ரெடி' என்று வரும் அழைப்பை நம்ப வேண்டாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கோவையில் இருக்கும் ஒரு சாப்ட்வேர் டெவலப்பருக்கு மான்செஸ்டரில் 57,000 பவுண்டு சம்பளத்தில் 3 வருட ஆஃபர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மனைவி, ஒரு குழந்தையோடு போகிறார். 2025 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணப்படி 3 வருடம் வரையிலான விசாவுக்கு ஒருவருக்கு 769 பவுண்டு. ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று வைத்துக் கணக்கிடலாம்.

- அவருக்கு: விசா 769 + ஐ.ஹெச்.எஸ். 3,105 = 3,874 பவுண்டு
- மனைவிக்கு: அதே 3,874 பவுண்டு
- குழந்தைக்கு: விசா 769 + ஐ.ஹெச்.எஸ். 2,328 = 3,097 பவுண்டு
- மொத்தம்: 10,845 பவுண்டு, அதாவது சுமார் 12.47 லட்சம் ரூபாய்

57,000 பவுண்டு சம்பளத்தில் வரி, தேசிய காப்பீடு போக மாதம் கைக்கு வருவது சுமார் 3,600 பவுண்டு. பென்ஷன் பிடித்தால் இன்னும் குறையும். ஆக விமானம் ஏறும் முன்பே 3 மாதச் சம்பளம் காலி.

இப்போது ஹெச்.ஆர். 'விசா செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிறார். அது ஊழியருக்கு மட்டும் என்றால் கம்பெனி கட்டுவது 3,874 பவுண்டு. மீதி 6,971 பவுண்டு, கிட்டத்தட்ட 8 லட்சம் ரூபாய் இவர் கையில் இருந்துதான் போகும். 'குடும்பத்துக்கும் சேர்த்தா? ஐ.ஹெச்.எஸ். உண்டா?' என்ற இரண்டு கேள்விகளில் 8 லட்சம் ரூபாய் இருக்கிறது. கம்பெனியே நேரடியாகக் கட்டுமா, நாம் கட்டி பிறகு திரும்ப வாங்க வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும்.

கம்பெனிக்கு செலவில்லாத ஓர் உதவி

பிரிட்டன் போய் இறங்கியதும் சமாளிக்கப் பணம் இருக்கிறது என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். தனி ஆளுக்கு 1,270 பவுண்டு, துணைக்கு 285, முதல் குழந்தைக்கு 315 என நம் உதாரணக் குடும்பத்துக்கு 1,870 பவுண்டு. இது 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆனால் 'முதல் மாதச் செலவுக்கு நாங்கள் பொறுப்பு' என்று 'ஏ' ரேட்டிங் நிறுவனம் சி.ஓ.எஸ்.ஸில் குறிப்பிட்டால் இதைக் காட்டத் தேவையில்லை. சி.ஓ.எஸ். போட்ட பிறகு ஞாபகப்படுத்துவதைவிட, முன்கூட்டியே கேட்பது நல்லது. குடும்பத்துக்கும் சேர்த்துக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

போய் இறங்கியதும் ஆகும் செலவு

இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்கு டெபாசிட் பொதுவாக 5 வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மாத வாடகை 1,200 பவுண்டு என்றால் டெபாசிட் சுமார் 1,385. முதல் மாத வாடகையும் சேர்ந்தால் 2,585 பவுண்டு. முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும். அதனால் 'எத்தனை வாரம் தங்கும் இடம் தருவீர்கள், முதல் மாதம் சம்பள அட்வான்ஸ் கிடைக்குமா?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

தருகிற விதமும் முக்கியம். டிக்கெட், சாமான் அனுப்புவது, தற்காலிகத் தங்குமிடம் போன்ற தகுதியான இடமாற்றச் செலவுக்கு 8,000 பவுண்டு வரை அங்கே வரி இல்லை. ஆனால் 'இந்தாங்க 3,000 பவுண்டு' என்று ரொக்கமாகக் கொடுத்தால் அதில் வரி பிடிக்க வாய்ப்பு உண்டு. சொல்லும் தொகை வரிக்கு முன்பா, பின்பா என்று கேளுங்கள்.

திருப்பிக் கட்டச் சொல்லும் விதி

செலவை ஏற்கும் நிறுவனங்கள், 'இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்ற விதியையும் ஒப்பந்தத்தில் சேர்ப்பது வழக்கம். இதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, எந்தெந்தச் செலவு? நிறுவனமே ஏற்க வேண்டிய, மேலே சொன்ன கட்டணங்கள் அதில் இருந்தால் நீக்கச் சொல்லலாம். இரண்டாவது, மாதா மாதம் தொகை குறையுமா? 24 மாத நிபந்தனையில் 18-வது மாதம் விலகுபவர் கால் பங்கு தருவதற்கும், முழுத் தொகையும் தருவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

மூன்றாவது, கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால்? வேலை போனால் விசா காலமும் குறைக்கப்படும். வேறு ஸ்பான்சர் தேட பொதுவாக 60 நாள்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் பணமும் கட்டச் சொன்னால் தாங்க முடியாது. 'நானாக விலகினால் மட்டும்' என்று ஒரு வார்த்தையைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எப்போது, எப்படிக் கேட்பது?

ஆஃபர் வந்த பிறகு, கையெழுத்துக்கு முன். இதுதான் சரியான நேரம். போனில் பேசினாலும், 'நாம் பேசியபடி' என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். மெயில் சுருக்கமாக இருக்கட்டும்:

"ஆஃபருக்கு நன்றி. வேலையில் சேர ஆர்வமாக இருக்கிறேன். கையெழுத்திடும் முன் சில விவரங்கள் தேவைப்படுகின்றன. விசா கட்டணமும் ஐ.ஹெச்.எஸ்.ஸும் எனக்கும் என் மனைவி, குழந்தைக்கும் நிறுவனம் ஏற்குமா? முதல் மாதச் செலவுக்கான உறுதியை சி.ஓ.எஸ்.ஸில் குறிப்பிட முடியுமா? இடமாற்ற உதவி எவ்வளவு, எந்த விதத்தில்? திருப்பிச் செலுத்தும் நிபந்தனை உண்டா? சி.ஓ.எஸ். எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம்?"

எல்லாவற்றுக்கும் 'சரி' வராது. குடும்பத்துக்குத் தர முடியாது என்றால், ஐ.ஹெச்.எஸ்.ஸை மட்டும் கடனாகக் கொடுத்து சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். அல்லது ஊழியர் முதலில் போய், குடும்பம் சில மாதம் கழித்துப் போகலாம். அவர்கள் விசா காலம் அதற்கேற்பக் குறைந்தால் ஐ.ஹெச்.எஸ்.ஸும் குறையலாம்.

விசா நிராகரிக்கப்பட்டால் ஐ.ஹெச்.எஸ். திரும்ப வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. அதனால் இங்கே பார்க்கும் வேலையை ஆஃபர் லெட்டரை மட்டும் நம்பி ராஜினாமா செய்ய வேண்டாம். சி.ஓ.எஸ். எண் கைக்கு வரட்டும், முடிந்தால் விசாவும் வரட்டும். நோட்டீஸ் காலம் 3 மாதம் என்றால் அதை முன்பே சொல்லி, சேரும் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

கட்டணங்களும் சம்பள வரம்பும் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டும் நாளில் gov.uk தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும்.