ராகம், தாளம்: ஆங்கிலக் குறிப்பில்

பாலக்காட்டு மண்ணின் பாடகர் கே.வி. நாராயணசுவாமியும் மிருதங்கம் பாலக்காடு மணி ஐயரும் 1965-ல் எடின்பரோ விழாவில் கச்சேரி செய்தார்கள். அத்தகைய அரங்கில் அமர்பவருக்குக் கையிலிருக்கும் ஆங்கிலக் குறிப்புதான் வழிகாட்டி.

ராகத்தை ‘ஸ்கேல்’ என்று அதில் எழுதுவது பெரும் பிழை. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகணம் ஸரிமபதஸ, அவரோகணம் ஸநிதபமகரிஸ. ஸ்கேல் ஒன்றே, ராகம் இரண்டு. ஆரபி நிமிர்ந்து விரைந்து நடக்கும். காந்தாரமும் நிஷாதமும் தொட்டவுடன் நழுவிவிடும். தேவகாந்தாரி ரிஷபத்தில் அசைந்து நின்று, நிதானமான கமகங்களால் விரியும். ராகம் என்ற சொல் பிறந்த ‘ரஞ்ச்’ என்ற வடமொழி வேருக்கு நிறமேற்றல், மகிழ்வித்தல் என்று பொருள். ஆகவே சுரங்களோடு அவற்றின் அசைவையும் பிடிகளையும் சேர்த்து, ‘மெலடிக் மோட்’ என்று தொடங்கி ஒரு வாக்கியம் விளக்குவதே சரி.

தாளத்துக்கு ‘ரிதம்’ போதாது. அது திரும்பத் திரும்ப வரும் சுற்று. ‘சைக்கிள்’ என்பதே பொருந்தும். ஆதி தாளத்தில் 8 அட்சரம்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இருமுறை. இதை எழுதிவிட்டால் கேட்பவர் தாமே போட்டுப் பார்க்கலாம். பல பாடல்களில் எடுப்பு முதல் தட்டுக்குச் சற்றுப் பின்னால் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், பாடகர் தாளம் தவறிவிட்டார் என்று புதியவர் நினைத்துவிடுவார்.